புற்றுக்குள் யார்?
சங்கரன்கோவிலில் உயர் தொடக்க வகுப்பு ஆசிரியர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு



இந்த ஊருக்கு வருகிறவர்கள் கோமதியம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கி நெற்றியில் இட்டுக்கொள்ளாமல் திரும்புவதில்லை. நானும் காலையில் அவ்வாறே செய்துவிட்டு வந்திருக்கிறேன். சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வாதிட்டதும், அம்பிகை தவமிருந்து இருவரும் ஒருவரே என்று காட்டும் சங்கரநாராயணக் கோலத்தைக் கண்டதும் இந்த ஸ்தலத்தின் வரலாறு. ஆடித்தபசுக்குக் கூடும் ஜனங்களில் இக்கதையை அறியாதவர் இருக்கமாட்டார்கள். வாதத்தில் பிறந்த இந்த ஊரில், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் புத்தகத்தோடு வாதம் செய்யக் கற்றுக்கொடுப்பது எவ்வாறு என்பதைப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். புற்றையே எடுத்துக்கொண்டு பேசலாம் என்று தீர்மானித்தேன். காரணம் பின்னால் விளங்கும்.

முதலில் ஒரு சிறிய பரீட்சை. கரும்பலகையில் நான் எழுதும் வாக்கியத்தைப் படியுங்கள்: 'தொமிலிகள் நெகுட்டும்போது பாசுணர் மிளக்குவர்.' இப்போது வினா: தொமிலிகள் நெகுட்டும்போது மிளக்குபவர் யார்? பாசுணர் என்று பலர் உடனே சொல்லிவிட்டீர்கள். பாசுணர் எப்போது மிளக்குவர் என்று கேட்டாலும் உங்களால் விடை சொல்ல முடியும். இரண்டு வினாவுக்கும் முழு மதிப்பெண். ஆனால் தொமிலி என்பது மிருகமா மேகமா என்பது உங்களுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, ஏனெனில் அச்சொற்களை நேற்றிரவு நானே புனைந்தேன். நம் வகுப்புகளில் பாடத்தின் முடிவில் கேட்கப்படும் வினாக்களில் பெரும்பகுதி இந்த ஜாதியைச் சேர்ந்தவை என்பதையும், இலக்கணம் தெரிந்த எந்தக் குழந்தையும் அர்த்தம் தெரியாமலே அவற்றுக்கு விடை எழுதிவிடும் என்பதையும் மனத்தில் இருத்திக்கொண்டால், 'நன்றாகத்தான் வாசிக்கிறான், ஆனால் ஒன்றும் ஏறவில்லை' என்று நாம் சொல்லும் மாணவனுடைய நிலை ஓரளவு புரியும்.

அமெரிக்காவில் டொலோரஸ் டர்கின் என்ற அம்மையார் பள்ளிகளில் வாசிப்பு வகுப்புகளை உட்கார்ந்து கவனித்து, 1979-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். நான்காம் வகுப்புகளில் அவர் கவனித்த 4,469 நிமிஷங்களில், பொருளை எப்படி உணர்வது என்று ஆசிரியர் கற்றுக்கொடுத்த நேரம் 20 நிமிஷம். மீதி நேரம் புரிந்ததா என்று சோதிப்பதிலும், பயிற்சித் தாள்களைக் கொடுப்பதிலும், விடையைத் திருத்துவதிலும், இவைபோன்ற பிறவற்றிலும் போயிற்று. சோதிப்பது வேறு, கற்பிப்பது வேறு. நீந்தத் தெரியுமா என்று நாள்தோறும் கிணற்றில் தள்ளிப் பார்ப்பவனை நாம் நீச்சல் ஆசான் என்று சொல்வதில்லை.

அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர், 1984-இல், ஆன்மேரி பாலின்சார், ஆன் பிரவுன் என்ற இருவர் ஏழாம் வகுப்பு மாணவரிடம் செய்த பரிசோதனையின் முடிவை எழுதினார்கள். அந்த மாணவர்கள் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் அல்லர். தடையின்றி வாசித்துவிட்டுப் பொருளைக் கோட்டைவிடுகிறவர்கள். அவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, நாள்தோறும் அரைமணி நேரம், ஏறத்தாழ இருபது பள்ளி நாள்கள், ஒவ்வொரு பத்தியாக வாசித்து நான்கு காரியங்களைச் செய்யச் சொன்னார்கள்: படித்ததன் சாரத்தைச் சொல்லுதல், அதைப்பற்றி ஒரு வினா எழுப்புதல், விளங்காத இடத்தைத் தெளிவித்துக்கொள்ளுதல், அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல். இதில் உயிரான அம்சம் இந்நான்கின் பெயர்கள் அல்ல. முதல் சில நாள்கள் ஆசிரியர் செய்துகாட்டிய அதே வேலையை, பின்னர் மாணவர் ஒவ்வொருவராக ஆசிரியர் ஸ்தானத்தில் அமர்ந்து நடத்தவேண்டும் என்பதே அதன் உயிர். கேள்வி கேட்கும் அதிகாரம் கைமாறுகிறது. பொருளுணர்தல் வினாக்களில் பத்துக்கு மூன்று, நான்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஏழு, எட்டு எழுதும் நிலைக்கு வந்தார்கள்.

இதை நூதனமான அமெரிக்கச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் கல்வியை நான்காகப் பங்கிடுகிறார்: ஆசான் சொல்லக் கேட்பதில் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகிப் பேசுவதில் கிடைப்பது மற்றொரு கால், எஞ்சிய பாதி, தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கிடைக்கிறது. காண்டிகையுரைக்கு அவர் வகுத்த உறுப்புகளைப் பாருங்கள்: கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை. கருத்து என்பது சாரம் சொல்லுதல். பதப்பொருள் என்பது தெளிவித்தல். வினாவும் விடையும் வெளிப்படை. நம் பழைய உரையாசிரியர்கள் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் முன்னால், இது எதைச் சொல்லப் புகுந்தது என்று தாமே ஒரு கேள்வியைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். அவர்கள் பண்டிதர்களுக்குச் செய்ததைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனக்குத்தானே செய்துகொள்ளவேண்டும் என்பதுதான் இன்றைய விஷயம்.

இனிப் புற்றுக்கு வருகிறேன். இந்தப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்பில், அங்குள்ள ஆசிரியரின் அனுமதியோடு சில வாரங்கள் நான் பாடம் நடத்தினேன். அதற்காக நானே நான்கு பத்தியில் ஒரு பாடம் எழுதினேன். தலைப்பு, 'புற்றுக்குள் யார்?' தலைப்பை மட்டும் பலகையில் எழுதி, உள்ளே என்ன சொல்லியிருக்கும் என்று கேட்டதும், வகுப்பு முழுவதும் ஒரே குரலாக, "பாம்பு சார்!" என்றது. சங்கரன்கோவில் வட்டாரத்துப் பிள்ளைகள் வேறென்ன சொல்லுவார்கள்? தவறப்போகிற ஊகம் இது என்று தெரிந்தேதான் அந்தத் தலைப்பை வைத்தேன். ஊகம் பலிப்பதில் குழந்தைக்கு உண்டாகிற லாபம் சொற்பம். தவறி, எந்தச் சொல்லைப் பார்த்தபோது தவறியது என்று கண்டுகொள்வதிலேதான் வாசிப்பு நடக்கிறது.

முதல் பத்தியின் முதல் வாக்கியம் இது: 'புற்று பார்ப்பதற்கு மண்மேடு போலத் தோன்றினாலும், அது வெறும் மண்மேடு அன்று.' இதில் 'தோன்றினாலும்' என்பதுவரை எழுதி நிறுத்திவிட்டு, மீதியைச் சொல்லுங்கள் என்றேன். முன் பெஞ்சியில் இருந்த ஒரு பெண், "ஆனா அது மண்மேடு இல்லைன்னு வரும் சார்" என்றாள். எதைப் பார்த்து அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் சிறிது யோசித்து, "அந்த 'ஆலும்'தான் சார்" என்றாள். ஊகித்தலைத் தாய்மொழியில் கற்பிப்பதன் சூக்ஷ்மம் இங்கேதான் இருக்கிறது. தமிழ் வாக்கியம் தன் முடிவை முற்றுவினையில் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் எச்சங்களாலும் உருபுகளாலும் வாசகனுக்கு அடையாளம் காட்டிக்கொண்டே வருகிறது. 'பெய்தால்' என்று வந்தால் ஒரு விளைவு வரும். 'பெய்தாலும்' என்று வந்தால் எதிர்பார்த்த விளைவு வராது. 'அவனைவிட' என்று கண்டால் ஓர் ஒப்பீடு காத்திருக்கிறது. எச்சம் என்ற பெயரே, இன்னும் மிச்சம் இருக்கிறது என்று சொல்லுகிறதல்லவா? பேச்சில் இந்த 'ஆலு'மை இயல்பாக ஆண்டுவிடும் குழந்தைக்கு, அச்சில் அதைக் கண்டதும் அடுத்ததை எதிர்பார்க்கவேண்டும் என்று ஒருமுறை காட்டினால் போதும். அன்னிய பாஷையில் இதே காரியத்துக்கு முதலில் அந்த உறுப்பையே கற்பிக்கவேண்டியிருக்கும்.

ஆகவே ஊகித்தலில் ஆசிரியர் விடாமல் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தச் சொல்லைப் பார்த்துச் சொன்னாய்? அந்தக் கேள்வி இல்லாவிட்டால் ஊகம், யார் முதலில் கத்துவது என்ற பந்தயமாக முடியும். ஊகத்தைப் பலகையின் ஓரத்தில் எழுதிவைத்து, பத்தி முடிந்ததும் திரும்பிவந்து அடிக்கவோ வைத்துக்கொள்ளவோ செய்யாவிட்டாலும் பிரயோஜனம் இல்லை. எங்கள் பலகையில் 'பாம்பு' என்ற சொல் மூன்று பத்திவரை அடிபடாமலும் உறுதிப்படாமலும் காத்திருந்தது.

இரண்டாவது வாக்கியம், கறையான்கள் மண்ணை எச்சிலால் குழைத்துப் புற்றைக் கட்டுகின்றன என்பது. இங்கே நிறுத்தி, பத்தியின் சாரத்தை எழுதச் சொன்னேன். எட்டு ஒன்பது நோட்டுகளில், 'புற்று பார்ப்பதற்கு மண்மேடு போலத் தோன்றும்' என்று இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அர்த்தம் மட்டும் தலைகீழ். பத்தியின் முதல் சொற்களைப் பார்த்து எழுதி, பாதியில் நிறுத்தி, வினையை முற்றாக்கிவிட்டார்கள். இவ்வயதுப் பிள்ளைகள் சாரம் என்றால், வரிசையாக வாசித்துக்கொண்டுபோய் இதை வைத்துக்கொள்ளலாம், இதை விட்டுவிடலாம் என்று சொல் மாறாமல் பெயர்த்தெழுதுவார்கள் என்பதை மேலே சொன்ன ஆன் பிரவுனும் ஜீன் டே என்பவரும் 1983-இலேயே கண்டார்கள். ஆங்கிலத்தில் அப்படிப் பெயர்ப்பதால் சுவையற்ற சாரம் கிடைக்கும். தமிழிலோ, பொருளின் பாரம் வாக்கியத்தின் கடைசியில் இருப்பதால், தலையை வைத்துக்கொண்டு வாலை விடுகிற பிள்ளை நூலாசிரியன் மறுத்ததையே அவன் சொன்னதாக எழுதிவிடுகிறது.

அதற்கு நான் செய்த பரிகாரம் எளியது. பாடத்தாளைக் கவிழ்த்துவைக்கச் செய்தேன். "இன்னைக்குப் பள்ளிக்கூடம் வராத உன் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட ஒரே மூச்சுல இதைச் சொல்லணும். என்ன சொல்லுவே?" என்றேன். ஒருவன் எழுந்து, "புத்து தானா வந்த மண்ணு இல்ல சார், கறையான் எச்சியப் போட்டுக் கொழச்சுக் கட்டுன வீடு" என்றான். 'வீடு' என்ற சொல் என் பத்தியில் இல்லை. 'தானா வந்த' என்பதும் இல்லை. இரண்டையும் அவன் தன் புத்தியிலிருந்து போட்டான். அதுதான் சாரம்.

இதிலிருந்து ஒரு சோதனை நமக்குக் கிடைக்கிறது. சாரம் கேட்கும்போது குழந்தை வீட்டுத் தமிழில் சொன்னால் பொருள் அதனுள்ளே ஒருமுறை சென்று திரும்பியிருக்கிறது என்று நம்பலாம். அட்சரம் பிசகாத புத்தகத் தமிழில் சொன்னால் சந்தேகப்படவேண்டும். நம்மில் பலர் இதற்கு நேர்விரோதமாக, 'புத்து' என்று சொன்னவனை நிறுத்தி 'புற்று' என்று சொல் என்கிறோம். நானும் இருபது ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அந்தக் கணத்தில் குழந்தை, பொருளை விட்டுவிட்டு உச்சரிப்பைப் பிடித்துக்கொள்கிறது. மறுமுறை எழுந்தால் பாதுகாப்பாகப் புத்தக வாக்கியத்தையே ஒப்பிக்கிறது. திருத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாரம் கருத்தாகத் திரண்ட பிறகு, அதை ஏட்டுத் தமிழில் எழுது என்று இரண்டாவது வேலையாகக் கொடுக்கலாம்.

இனி வினா. முதல் நாள் அவர்கள் எழுப்பியவை யாவும் தொமிலி ஜாதி: கறையான் மண்ணை எதனால் குழைக்கிறது? புற்றைக் கட்டுவது எது? இவற்றை நான் இகழவில்லை. படித்தது நினைவில் நின்றதா என்று பார்க்க இவையும் வேண்டும். ஆனால் மூன்று நாள் நானே வாய்விட்டு யோசித்துக் காட்டினேன்: "எச்சிலால் குழைக்கிறது என்று போட்டிருக்கிறது. எனக்கு இங்கே ஒன்று உறுத்துகிறது. வெறும் மண்ணாலேயே கட்டினால் என்ன?" இப்படி உறுத்தலைக் காட்டினால்தான் பிள்ளைகளுக்கும் உறுத்தும், 'நல்ல வினாவாகக் கேள்' என்று கட்டளையிட்டால் ஒன்றும் விளையாது. தமிழின் ஆகார வினாவும் நமக்குக் கைகொடுக்கிறது. பாம்பா புற்றைக் கட்டுகிறது? பாம்பு புற்றையா கட்டுகிறது? பாம்பு புற்றைக் கட்டுகிறதா? ஓர் எழுத்தை இடம் மாற்ற மாற்ற, சந்தேகம் எதன்மேல் விழுகிறது என்பது மாறுகிறது. ஒரே வாக்கியத்தை மூன்று இடத்தில் கிள்ளிப்பார்க்கும் இந்த விளையாட்டைப் பிள்ளைகள் வெகு சந்தோஷமாக ஆடினார்கள்.

இரண்டாம் பத்தி, புற்றின் இருட்டறைகளில் கறையான்கள் காய்ந்த இலை, மரத்துகள் இவற்றை மென்று பதப்படுத்தி, அதன்மேல் காளான் வளர்த்து உண்பதைச் சொன்னது. மூன்றாம் பத்தி, மழைக்குப் பிறகு சிறகு முளைத்த கறையான்கள் கூட்டமாகப் பறப்பதைச் சொல்லி, அவையே ஈசல் என்று முடிந்தது. அதுவரை வாய் திறக்காத பலர் அங்கே திறந்தார்கள். ஈசலை அவர்கள் அறிவார்கள், கறையானையும் அறிவார்கள், இரண்டும் ஒன்று என்பதைத்தான் அறியவில்லை. நான்காம் பத்தியில், பாம்புக்குப் புற்றுக் கட்டத் தெரியாது என்றும், கறையான் விட்டுப்போன புற்றிலும் இடிந்த புற்றின் துளைகளிலும் அது புகுந்துகொள்ளும் என்றும், எலியும் உடும்பும்கூட அவ்வாறு புகுவதுண்டு என்றும் வந்ததும், பலகையோரத்துப் 'பாம்பு' என்ற சொல்லை என்ன செய்வது என்று கேட்டேன். அடித்துவிடுங்கள் என்றார்கள் பாதிப்பேர். ஒரு பையன், "அடிக்காண்டாம் சார், பக்கத்துல 'வாடகைக்கு'ன்னு எழுதுங்க" என்றான். எழுதினேன்.

ஐந்தாம் நாளிலிருந்து நான் விலகிக்கொண்டேன். நாற்பது பிள்ளைகளை ஐந்தைந்து பேராக எட்டுக் குழு செய்து, குழுவுக்கு ஒரு தலைவரை வைத்து, பத்திக்குப் பத்தி தலைவர் மாறும்படி ஏற்பாடு. தலைவருடைய வேலை விடை சொல்வதன்று. தன் சாரத்தைச் சொல்லி, ஒரு வினாவைக் கேட்டு, அடுத்த பத்தியில் என்ன வரும் என்று கேட்பது. முதல் வாரம் சந்தைக்கடைபோல இருந்தது என்பதை ஒளிக்கவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றே எல்லாவற்றையும் செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

இந்த அபாயம் நமக்குப் பழகியதுதான். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் மாநிலத்து உயர் தொடக்க வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தபோது, படித்தல், மனவரைபடம், தொகுத்தல், வழங்குதல் என்ற படிகள் வந்தன. உங்களில் மூத்தவர்கள் அவற்றை நடத்தியிருப்பீர்கள். தொகுத்தல் என்பது நான் இப்போது சொல்லும் சாரமேயன்றி வேறில்லை. எண்ணம் உயர்ந்தது. ஆனால் படிகளை வரிசையாக முடிப்பதே காரியம் என்று ஆனபோது, வண்ணப் பேனா பிடித்த ஒருவன் வரைபடத்தை வரைய, நான்கு பேர் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டிருந்த குழுக்களையும் நான் கண்டிருக்கிறேன். ஊகி, வினவு, சுருக்கு என்று மூன்று கட்டம் போட்ட அட்டையை நிரப்பச் சொன்னால் இதற்கும் அந்தக் கதிதான் நேரும். ஊகத்தை உண்டாக்கும் எச்சம் இல்லாத பத்தியில் ஊகம் கேட்கக்கூடாது. ஒரு வரிப் பத்திக்குச் சாரம் கேட்கக்கூடாது. வாசகனுக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே நிற்கவேண்டும்.

பலனைப்பற்றியும் மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். பராக் ரோசன்ஷைன், கார்லா மீஸ்டர் இருவரும் 1994-இல் பாலின்சார், பிரவுன் முறையைப்பற்றிய 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்கள் தாமே தயாரித்த பரீட்சைகளில் முன்னேற்றம் பெரிதாகவும், பொதுவான பரீட்சைகளில் அதில் பாதியை எட்டாததாகவும் இருந்தது. இதில் வியப்பில்லை. ஈசலைப் பார்த்திராத குழந்தைக்கு என் மூன்றாம் பத்தியில் எந்த உபாயமும் உதவியிராது; விஷய ஞானத்தின் ஸ்தானத்தை ஊகமும் வினாவும் பிடித்துவிட முடியாது. ஆகவே இதை ஆண்டு முழுவதும் தனிப் பாடமாக இழுக்காமல், ஒரு மாதம் நன்றாகப் பழக்கிவிட்டு, அறிவியலிலும் சமூக அறிவியலிலும் புதிய பொருளைப் படிக்கும்போது அங்கங்கே பிரயோகித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. 'கட்டிக்கொண்டிருந்ததால்' என்ற சொல்லை ஒரே மூச்சில் வாசிக்காமல் எழுத்தெழுத்தாகக் கூட்டுகிற பிள்ளைக்கு, அந்த 'ஆல்' வந்து சேர்வதற்குள் 'கட்டி' மறந்துபோகிறது. அவனுக்கு முதலில் வேண்டுவது சரளம். இந்த உபாயங்கள் அல்ல. என் வகுப்பில் அப்படி இருவர் இருந்தார்கள். அவர்களுக்கு வாசிப்புப் பயிற்சியைத் தனியே வைத்துக்கொண்டு, குழுவில் மட்டும் பிறர் வாசிக்கக் கேட்டுப் பங்குகொள்ளச் சொன்னேன். பாலின்சார் பின்னாளில் வாசிக்கத் தொடங்காத சிறு குழந்தைகளிடமும் வாசித்துக்காட்டியே இம்முறையை நடத்தினார்.

மூன்றாம் வாரம் என் வகுப்பின் அந்த இருவரில் ஒருவன் தலைவனானான். பழைய புற்றுப் பாடத்தையே திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதித்திருந்தேன். கடைசிப் பத்தியைத் தோழி வாசிக்கக் கேட்டுவிட்டு, "கறையான் போயிட்டுன்னு பாம்புக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான். பாடத்தில் விடை இல்லை என்றாள் வாசித்த பெண். அவன் நம்பவில்லை. பாடத்தாளைத் தன்பக்கம் இழுத்து, விரலை வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து எழுத்துக்கூட்டித் தானே தேட ஆரம்பித்தான். மணி அடித்தபோது இரண்டாம் பத்தியில் இருந்தான்.